இடமிருந்தும் 10, வலமிருந்தும் 10: மொத்தம் 20 இல்லை, தெரியுமா?

ஒரு வரிசை. அதில் அமுதா இடமிருந்து எண்ணினால் 10ஆவது, வலமிருந்து எண்ணினாலும் 10ஆவது. வரிசையில் மொத்தம் எத்தனை பேர்? யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டு 20 என்று சொல்லிவிடும். ஆனால் அங்கே நிற்பது 19 பேர்தான், தெரியுமா? சந்தேகமிருந்தால் ஒரு தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். அமுதாவுக்கு இடப்பக்கம் 9 பேர், வலப்பக்கம் 9 பேர், நடுவில் அமுதா. அவ்வளவுதான் கூட்டம்! இடமிருந்து எண்ணும்போதும் அமுதாவைச் சேர்த்தோம், வலமிருந்து எண்ணும்போதும் அவரையே மறுபடி சேர்த்தோம். ஒரே ஆள் இரண்டு முறை கணக்கில் ஏறிவிட்டார்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அந்த 19 பேரில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு, இடமிருந்து உன் இடம் என்ன, வலமிருந்து உன் இடம் என்ன என்று கேளுங்கள். முதல் ஆள் 1, 19 என்பார். ஐந்தாம் ஆள் 5, 15 என்பார். கடைசி ஆள் 19, 1 என்பார். எல்லாருக்கும் கூட்டுத்தொகை 20! ஒருவருக்குக்கூட மாறாது. மொத்த எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் என்ன வருமோ அதுதான் ஒவ்வொருவருடைய இரண்டு இடங்களின் கூட்டுத்தொகை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 கேள்விகள் திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும் என்ற பகுதிக்கு உரியவை. அந்தப் பகுதிக்குப் படிக்கிறவர்கள் எல்லாருமே இந்தச் சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். அது ஏன் அப்படி என்று கேட்டால்தான் பாதிப் பேர் முழிப்பார்கள். ஏன் என்பதற்கு விடை அந்த அமுதாதான். இனி வரப்போகிற எல்லா ஆச்சரியங்களுக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: ஓரத்தில் நிற்கிற ஆளை எத்தனை தடவை எண்ணினோம்? ஒரு தடவையா, இரண்டு தடவையா, எண்ணவே இல்லையா?

சரி, அடுத்தது. ஒரே இரண்டு பேரை வைத்துக் கேட்கிற கேள்விக்கு மூன்று விடைகள் இருக்கின்றன, மூன்றும் சரி என்பது தெரியுமா? இடமிருந்து 10ஆவது ஆள் ஒருவர், 20ஆவது ஆள் ஒருவர். இருவருக்கும் இடையில் எத்தனை பேர்? 11 முதல் 19 வரை, ஆக 9 பேர். முதலாமவர் இரண்டாமவர் இடத்துக்குப் போக எத்தனை இடம் நகர வேண்டும்? 10. இருவரையும் சேர்த்து அங்கே எத்தனை பேர்? 11. ஓரத்து ஆட்கள் இருவரையும் விட்டால் 9, ஒருவரை மட்டும் சேர்த்தால் 10, இருவரையும் சேர்த்தால் 11. கேள்வித்தாள் தயாரிக்கிறவருக்கு இதைவிட வசதியான இடம் வேறு கிடையாது. 9, 10, 11 மூன்றையும் விடைகளில் வரிசையாக வைத்துவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கலாம். குரூப் 4இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். முதல்நிலைத் தேர்விலோ சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழியும். ஓரத்தில் நின்ற ஒரு ஆளை மறந்ததற்கு இரண்டரை மதிப்பெண் அபராதம்!

இந்த ஒற்றை ஆள் தொல்லை நம் காலத்துத் தேர்வு மையங்களில் தொடங்கியது என்று நினைத்தீர்களா? 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதே பிழையைப் பிடித்து எழுதிவைத்திருக்கிறார், தெரியுமா? கோயிலின் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். முகப்பில் 6 தூண்கள் என்றால் பக்கவாட்டில் எத்தனை தூண்கள் நிறுத்த வேண்டும்? 12 என்று நிறுத்தியவர்கள் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறார்கள். அது தவறு என்கிறார் அவர். இரண்டு மடங்காக வேண்டியது தூண்கள் அல்ல, தூண்களுக்கு இடையே உள்ள இடைவெளிகள். முகப்பில் 6 தூண்களுக்கு நடுவே 5 இடைவெளிகள். பக்கவாட்டில் 10 இடைவெளிகள் வேண்டும், அதற்கு 11 தூண்கள் போதும். 12 தூண்கள் வைத்தால் இடைவெளி 11 ஆகிவிடும், கோயில் ஓர் இடைவெளி அளவுக்கு நீண்டுவிடும். கல்லில் கட்டியபிறகு அழித்து எழுத முடியுமா என்ன?

அந்தக் கோயிலைச் சுற்றி மொத்தம் எத்தனை தூண்கள் என்று கணக்குப் போட்டால் நம்ம அமுதா மறுபடி வந்து நிற்பார். முகப்பில் 6, பின்புறம் 6, இரு பக்கமும் 11, 11. கூட்டினால் 34. ஆனால் நான்கு மூலைகளிலும் நிற்கிற தூண்கள் முகப்பு வரிசைக்கும் சொந்தம், பக்க வரிசைக்கும் சொந்தம். இரண்டு தடவை எண்ணப்பட்ட அந்த 4 தூண்களைக் கழித்தால் 30. கேட்கக் கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ரோமானியர்களுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு பெரிய அடியும் விழுந்தது. ஒரு பேரரசின் நாட்காட்டியே இந்த ஒன்றால் பிசகிப்போனது, தெரியுமா? ஜூலியஸ் சீசர் திருத்திய நாட்காட்டி கி.மு. 45இல் நடைமுறைக்கு வந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்ட வேண்டும் என்பது விதி. மறு ஆண்டே சீசர் கொல்லப்பட்டார். பொறுப்பு பூசாரிகளிடம் போனது. ரோமானியர் நாள் எண்ணும் முறையில் தொடங்கும் நாளும் கணக்கில் சேரும். மார்ச் 15ஐ வைத்து எண்ணினால் மார்ச் 13 அவர்களுக்கு மூன்றாம் நாள்: 15 ஒன்று, 14 இரண்டு, 13 மூன்று. இதே பழக்கத்தில் மிகுநாள் ஆண்டையும் எண்ணினார்கள். மிகுநாள் வந்த ஆண்டு ஒன்று, அடுத்தது இரண்டு, அடுத்தது மூன்று, அதற்கடுத்தது நான்கு. நான்காவது வந்துவிட்டதே, கூட்டு ஒரு நாள்! ஆனால் உண்மையில் கடந்தது மூன்று ஆண்டுகள்தான்.

இப்படியே 36 ஆண்டுகள் ஓடின. 9 நாட்கள் கூட்ட வேண்டிய இடத்தில் 12 நாட்கள் கூடிவிட்டன. 3 நாட்கள் அதிகம். கடைசியில் அகஸ்டஸ் தலையிட்டு, 12 ஆண்டுகளுக்கு மிகுநாளே வேண்டாம் என்று நிறுத்திவைத்துத்தான் கணக்கு நேரானது. பிழை செய்தவர்கள் எண்ணத் தெரியாதவர்கள் அல்ல. அவர்கள் முறையில் அவர்கள் சரியாகத்தான் எண்ணினார்கள். சீசர் சொன்ன நான்கு இடைவெளிக் கணக்கு, அவர்கள் கேட்டுக்கொண்ட நான்கு ஆள் கணக்கு. மேலே பார்த்த 9, 10, 11 வம்பின் தாத்தா இது!

தேர்வுக் கூடத்துக்கே திரும்புவோம், ஏனென்றால் இந்த வகைக் கணக்குகளிலேயே அட்டகாசமானது அங்கேதான் இருக்கிறது. எல்லா விவரமும் கொடுத்த பிறகும் ஒரு வரிசைக்கு இரண்டு மொத்தங்கள் இருக்க முடியும், தெரியுமா? கணக்கு இதோ. ஒரு வரிசையில் செல்வி இடமிருந்து 10ஆவது. பாரி வலமிருந்து 12ஆவது. இருவருக்கும் இடையில் 3 பேர். மொத்தம் எத்தனை பேர்?

எல்லாரும் போடுகிற விடை: 10, 3, 12, கூட்டினால் 25. தவறா? இல்லவே இல்லை. செல்விக்கு இடப்பக்கம் 9 பேர், பிறகு செல்வி, பிறகு நடுவில் 3 பேர், பிறகு பாரி, அவருக்கு வலப்பக்கம் 11 பேர். 25 சரியாக வருகிறது. இங்கே ஓரத்து ஆட்கள் ஒவ்வொருவரும் ஒரே தடவைதான் எண்ணப்பட்டிருக்கிறார்கள், கழிக்க ஒன்றுமில்லை.

ஆனால் செல்வி இடப்பக்கமும் பாரி வலப்பக்கமும்தான் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? கேள்வியை மறுபடி படியுங்கள். செல்வியை இடமிருந்து எண்ணினோம், பாரியை வலமிருந்து எண்ணினோம். அவ்வளவுதான் தகவல். பாரி செல்வியைத் தாண்டி இடப்பக்கம் போய் நின்றால் யாரும் தடுக்க முடியாது! செல்வி 10ஆவது இடத்தில் இருக்கட்டும். நடுவில் 3 பேர் விட்டு இடப்பக்கமாக வந்தால் 9, 8, 7 மூன்றும் நடு ஆட்கள், 6ஆவது இடத்தில் பாரி. இப்போது பாரி வலமிருந்து 12ஆவது என்பதால் அவருக்கு வலப்பக்கம் 11 பேர். அவருக்கு இடப்பக்கம் 5 பேர். ஆக 5, பாரி, 11. மொத்தம் 17! அந்த 11 பேருக்குள்ளேதான் நடு ஆட்கள் மூவரும் செல்வியும் அடக்கம்.

ஒரே கேள்வி, 25ம் சரி, 17ம் சரி. எட்டுப் பேர் வித்தியாசம்! இந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். இரண்டாவது அமைப்பில் நடு ஆட்கள் மூவரும் செல்வியின் கணக்கிலும் விழுகிறார்கள், பாரியின் கணக்கிலும் விழுகிறார்கள். செல்வியும் பாரியும் அதேபோல இரண்டு கணக்கிலும் வருகிறார்கள். ஆக 5 பேர் இரட்டையாக எண்ணப்பட்டவர்கள். 10ஐயும் 12ஐயும் கூட்டி 5ஐக் கழித்தால் 17. இரண்டு மொத்தங்களுக்கும் உள்ள வித்தியாசம் செல்வி எத்தனையாவது, பாரி எத்தனையாவது என்பதைப் பொறுத்ததே அல்ல. நடுவில் நிற்பவர்களோடு ஒருவரைச் சேர்த்து இரட்டிப்பாக்கினால் போதும். 3 பேர் என்றால் 8. நடுவில் 4 பேர் என்றால் 10. யாருமே இல்லை, இருவரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள் என்றாலும் வித்தியாசம் 2.

எப்போதும் இரண்டு விடை வருமா என்றால், வராது. நடுவில் 9 பேர் என்று கேள்வி சொல்லியிருந்தால், 10ஆவது இடத்திலிருந்து 9 பேரை விட்டு இடப்பக்கம் போனால் பாரிக்கு நிற்க இடமே இல்லை, வரிசை முடிந்துவிட்டது. அப்போது ஒரே விடை, 31. நடுவில் 8 பேர் என்றால் பாரி 1ஆவது இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பார், இரண்டாம் விடை உயிரோடு இருக்கும். அதாவது இரண்டு எண்களில் சிறியதிலிருந்து 2ஐக் கழியுங்கள். நடுவில் நிற்பவர்கள் அந்த எண்ணுக்குள் இருந்தால் இரண்டு விடை, அதைத் தாண்டினால் ஒரே விடை. வங்கித் தேர்வுகளில் தீர்மானிக்க முடியாது என்று ஒரு விடை அடிக்கடி வந்து உட்கார்ந்திருக்கும். கண்டுபிடிக்கத் தெரியாதவர்களுக்கான ஆறுதல் பரிசு அது என்று பலர் நினைத்துக் கடந்துபோவார்கள். இந்த மாதிரி இடத்தில் அதுதான் சரியான விடை! குறைந்தது எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் மட்டும் 17ஐத் தயங்காமல் போடலாம். கோச்சிங் சென்டர் கையேடுகளில் கூட்டல் சூத்திரம் ஒன்று, கழித்தல் சூத்திரம் ஒன்று என்று தனித்தனிக் கட்டத்தில் அச்சடித்துக் கொடுப்பது எனக்கு ஒப்பாத வேலை. எந்தக் கட்டம் எப்போது என்பதுதானே கணக்கே. அதைச் சொல்லாமல் கட்டத்தை மட்டும் கொடுத்து என்ன பயன்?

மொத்தத்தைக் கொடுத்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? அங்கேயும் ஒரு பேய் உட்கார்ந்திருக்கிறது. 30 பேர் வரிசை. கண்ணன் இடமிருந்து 18ஆவது. வேலன் வலமிருந்து 12ஆவது என்றால், வேலனின் இடம் இடமிருந்து 19. இருவரும் பக்கத்துப் பக்கத்தில். வேலன் வலமிருந்து 14ஆவது என்று மாற்றுங்கள். இடமிருந்து 17. இப்போதும் இருவரும் பக்கத்துப் பக்கத்தில், ஆனால் கண்ணனின் மறுபக்கம் வந்துவிட்டார். சரி, இரண்டுக்கும் நடுவே வேலன் வலமிருந்து 13ஆவது என்று வைத்தால்? 18ம் 13ம் 31. மொத்தத்தைவிட ஒன்று அதிகம். அப்படியென்றால் வேலன் நிற்பது கண்ணனின் தலைமேல்! இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 30 என்றாலும் பக்கத்து ஆள், 32 என்றாலும் பக்கத்து ஆள், 31 என்றால் இருவரும் ஒரே ஆள். கூட்டுத்தொகை மொத்தத்தைவிடச் சரியாக ஒன்று கூடுதலாக இருந்து, இருவேறு பெயர்களும் கொடுத்திருந்தால், அந்தக் கேள்வியே தவறு என்று அடித்துச் சொல்லலாம்.

இடம் மாறும் கணக்கைப் பார்க்காமல் விட்டால் பாவம். கயல் இடமிருந்து 8ஆவது. முகிலன் வலமிருந்து 11ஆவது. இருவரும் இடம் மாற்றிக்கொள்கிறார்கள். இப்போது கயல் இடமிருந்து 17ஆவது. இந்த நான்கு வரியை வைத்து மொத்த வரிசையையும் கட்டி எழுப்பிவிடலாம், தெரியுமா? திறவுகோல் ஒரு நாற்காலியில் இருக்கிறது. ஆட்களை மறந்துவிடுங்கள், நாற்காலியைப் பாருங்கள். முகிலன் முன்பு உட்கார்ந்திருந்த நாற்காலி வலமிருந்து 11ஆவது. அதே நாற்காலியில்தான் இப்போது கயல் உட்கார்ந்திருக்கிறார், அது இடமிருந்து 17ஆவது. ஒரே நாற்காலிக்கு இரண்டு பக்க எண்ணும் கிடைத்துவிட்டது! 17ம் 11ம் 28, ஒன்று கழித்தால் மொத்தம் 27 பேர்.

முகிலன் இப்போது வலமிருந்து எத்தனையாவது? அவர் உட்கார்ந்திருப்பது கயலின் பழைய நாற்காலி, இடமிருந்து 8. எந்த நாற்காலிக்கும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 28 என்பதால், 20. மொத்தமே தெரியாமலும் இதைச் சொல்லலாம் என்பதுதான் கூடுதல் வேடிக்கை. கயல் 8லிருந்து 17க்கு நகர்ந்தது 9 இடம். அவர் எவ்வளவு நகர்ந்தாரோ அவ்வளவுதான் முகிலனும் எதிர்த்திசையில் நகர்ந்திருக்க முடியும். 11ம் 9ம் 20. ஆயிற்று! இடையில் எத்தனை பேர் என்று கேட்டாலும் இதே 9ஐ வைத்துக்கொண்டு 8 என்று சொல்லிவிட்டுப் போகலாம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அந்த 8 பேர் அசையவே இல்லை.

இடம், வலம் என்று சொல்கிறோமே, யாருடைய இடம், யாருடைய வலம்? பள்ளிக்கூடக் குழுப்படத்தின் கீழே இடமிருந்து வலமாக என்று பெயர்கள் போட்டிருக்கும். அது படத்தைப் பார்க்கிற நம்முடைய இடப்பக்கம். படத்தில் நிற்கிற பிள்ளைகளுக்கு அது வலப்பக்கம். தேர்வுக் கணக்கில் எல்லாரும் வடக்கு நோக்கி நிற்கிறார்கள் என்று போட்டிருந்தால் தாளின் இடப்பக்கமும் அவர்களுடைய இடப்பக்கமும் ஒன்றாகிவிடும். தெற்கு நோக்கி என்று ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும், வரிசை முழுக்கத் தலைகீழாகத் திரும்பிவிடும். மாறாமல் நிற்கிறவர் நட்டநடு ஆள் ஒருவர்தான். நம்ம அமுதா எந்தத் திசைக்கும் 10ஆவதுதான்!

வரிசையை வளைத்து வட்டமாக்கினால் என்ன ஆகும்? இதற்கு விடை நம்முடைய ஜாதகக் கட்டங்களில் எப்போதிலிருந்தோ இருக்கிறது, தெரியுமா? பொருத்தம் பார்க்கிறபோது ஆறு எட்டு ராசி, சஷ்டாஷ்டகம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மேஷத்திலிருந்து எண்ணினால் கன்னி 6ஆவது. அதே கன்னியிலிருந்து எண்ணினால் மேஷம் 8ஆவது. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு, மகரம், கும்பம், மீனம், மேஷம். எட்டு. ஆறும் எட்டும் 14. ராசிகளோ 12தானே? இரண்டு பன்னிரண்டு என்பார்களே, அதிலும் 2ம் 12ம் 14. ஐந்து ஒன்பது என்றாலும் 14. நேர் எதிர் ராசி ஏழு ஏழு, அதுவும் 14! சோதிடத்தின் பலனை நான் இங்கே பேசவில்லை, அது நம்புகிறவர் பாடு. எண்ணுகிற முறை மட்டும் அப்பழுக்கில்லாத கணக்கு.

நேர் வரிசையில் கூட்டுத்தொகை மொத்தத்தைவிட ஒன்று அதிகம், வட்டத்தில் இரண்டு அதிகம். ஏன்? வரிசையில் இரண்டு எண்ணிக்கைகளும் சந்திப்பது ஒரே ஆளிடம். வட்டத்தில் மேஷத்தில் தொடங்கிக் கன்னியில் முடிக்கிறோம், பிறகு கன்னியில் தொடங்கி மேஷத்தில் முடிக்கிறோம். மேஷமும் இரண்டு தடவை, கன்னியும் இரண்டு தடவை. நட்சத்திரங்களுக்கும் இதே கதைதான். 27 நட்சத்திரம், கூட்டுத்தொகை 29. அசுவினியிலிருந்து ரோகிணி 4 என்றால், ரோகிணியிலிருந்து அசுவினி 25 என்று எண்ணாமலே சொல்லிவிடலாம். எண்ணி வேறு விடை வந்தால் நடுவில் ஒரு நட்சத்திரத்தை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பாட்டு வகுப்பிலும் இந்த இரட்டை எண்ணிக்கை ஒளிந்திருக்கிறது. ச ரி க ம ப, ஐந்து சுரம். ப த நி ச, நான்கு சுரம். ஐந்தும் நான்கும் ஒன்பதாக வேண்டும், ஆனால் கீழ் ச முதல் மேல் ச வரை எட்டுத்தான். நடுவில் நிற்கிற ப இரண்டு பக்கத்துக்கும் சொந்தம்.

இதுவரை சொன்ன எல்லாம் ஓர் ஆள், ஓர் இடம் என்ற நம்பிக்கையில் ஓடியது. மதிப்பெண் வரிசை வந்தால் அது உடைந்துபோகும்! 40 பேர் படிக்கும் வகுப்பில் ஒரு மாணவி மேலிருந்து 9ஆம் இடம், கீழிருந்து 29ஆம் இடம். கூட்டினால் 38. ஆனால் 40 பேர் என்றால் கூட்டுத்தொகை 41 வந்திருக்க வேண்டுமே? வகுப்பாசிரியர் தப்பாக எண்ணிவிட்டாரா? இல்லை. 9ஆம் இடம் என்றால் அவரைவிட அதிகம் வாங்கியவர்கள் 8 பேர். கீழிருந்து 29ஆம் இடம் என்றால் குறைவாக வாங்கியவர்கள் 28 பேர். 8ம் 28ம் 36. மீதி 4 பேர் எங்கே? அந்த மாணவியும், அவரோடு அதே மதிப்பெண் வாங்கிய இன்னும் 3 பேரும்! கூட்டுத்தொகை 41லிருந்து எத்தனை குறைகிறதோ, அத்தனை பேர் அவரோடு சமமாக நிற்கிறார்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமலே இரண்டு எண்களை வைத்து இதைச் சொல்லிவிடலாம்.

சமமாக வந்தவர்களுக்கு இடம் கொடுப்பதில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதலில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டது நினைவிருக்கும். அடுத்து வந்த பெலாரஸின் நெதசேக்காவுக்குக் கிடைத்தது வெண்கலம், வெள்ளி அல்ல. முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆகவே அவர் மூன்றாவது. வெள்ளிப் பதக்கம் யாருக்குமே இல்லை!

நம்ம ஊர்ப் பொதுத்தேர்வில் நடந்ததோ நேர் எதிர். 2015ஆம் ஆண்டு தமிழகப் பத்தாம் வகுப்புத் தேர்வில் 500க்கு 499 வாங்கி முதலிடம் பிடித்தவர்கள் 41 பேர். 498 வாங்கிய 192 பேர் இரண்டாமிடம். 497 வாங்கிய 540 பேர் மூன்றாமிடம். ஒலிம்பிக் கணக்குப்படி பார்த்தால் அந்த இரண்டாமிடம் 42ஆவது இடம், மூன்றாமிடம் 234ஆவது இடம்! மூன்றாமிடம் வாங்கியவருக்கு முன்னால் இரண்டு பேர் என்று எண்ணினால் 231 பேர் காணாமல் போய்விடுவார்கள். தரவுத்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு வழக்கமும் கைப்பழக்கம்: `RANK()` என்று தட்டினால் ஒலிம்பிக் முறை, `DENSE_RANK()` என்று தட்டினால் நம்ம பழைய பத்தாம் வகுப்பு முறை. 2017 முதல் தமிழக அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே நிறுத்திவிட்டது.